தளர்ந்து சுற்றும் வாட்ச் செயினைச் சின்னக் கைக்குக் குறைப்பது எப்படி?

வாட்ச் செயினைக் குறைக்க முதன்முறையாக உட்காருகிறவர்கள் நேராகக் கை வைப்பது செயின் வாட்சோடு சேரும் இடத்தில்தான். கருவி வழுக்கினால் நிரந்தரக் கீறல் விழும் இடமும் அதுதான். அதனால் யார் கேட்டாலும் நான் வரிசையை மாற்றித்தான் சொல்வேன். முதலில் லாக், அடுத்து கண்ணி, கடைசியாகக் காது. லாக்கில் கை பழகிவிட்டால் மற்ற இரண்டும் பயமுறுத்தாது. பல வாட்ச்சுகளுக்கு மூன்றாவது வேலையே தேவைப்படாது.

பேச்சுக்கு வசதியாக இந்த மூன்று சொற்களை வைத்துக்கொள்வோம். மணிக்கட்டின் அடியில் மடிந்து பூட்டிக்கொள்ளும் பகுதி லாக். செயினின் ஒவ்வொரு துண்டும் கண்ணி, கண்ணிகளைக் கோத்து வைத்திருக்கும் மெல்லிய கம்பி பின். வாட்ச்சின் மேலும் கீழும் துருத்திக்கொண்டிருக்கும் நான்கு முனைகள் காது. காதுகளுக்கு நடுவே ஸ்ட்ராப்பையோ செயினையோ பிடித்து வைத்திருப்பது ஸ்பிரிங் பார். மெல்லிய குழாய், உள்ளே சுருள் கம்பி, இரண்டு பக்கமும் உள்ளே அமுங்கும் முனை. அவ்வளவுதான் அதன் அமைப்பு. லாக்கிலும் இதே ஜாதி ஸ்பிரிங் பார் ஒன்று இருக்கிறது. அதனால்தான் பழகுவதற்கு அது நல்ல இடம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு வாட்ச்சையே எடுத்துக்கொள்வோம். என் அக்கா மகள் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் அப்பாவின் பழைய சீக்கோ 5 இப்போது அவள் கையில். "கட்டினா ரெண்டு விரல் உள்ள போகுது மாமா, டைப் அடிக்கிறப்போ கையைச் சுத்திக்கிட்டு கீழ போயிடுது" என்றாள். அவள் மணிக்கட்டு 14.5 சென்டிமீட்டர். அப்பாவுடையது 18-க்குக் குறையாது.

பின்னைத் தொடுவதற்கு முன் கணக்கு

எத்தனை கண்ணி கழற்ற வேண்டும் என்பதைத் தட்ட ஆரம்பித்த பிறகு யோசிக்கக்கூடாது. ஒரு காகிதப் பட்டையை நீளமாக வெட்டி, வாட்ச் உட்காரும் இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். அளக்கும் நேரமும் முக்கியம். ஏர்கான் அறையில் விடிகாலையில் அளந்தால் கை ஒல்லியாகத்தான் காட்டும். மத்தியானம் பினாங்கு வெயிலில் சந்தைக்கு நடந்துவிட்டு வந்து அளந்தால் சில மில்லிமீட்டர் கூடியிருக்கும். கூடின அளவையே கணக்கில் எடுங்கள். குளிரில் கொஞ்சம் தளர்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வெயிலில் இறுகினால் தோலில் தடம் பதியும்.

அடுத்து, பூட்டிய செயினின் உள்சுற்று. இன்னொரு காகிதப் பட்டையை வாட்ச்சின் அடிமூடியையும் சேர்த்து உட்பக்கமாகவே ஒரு சுற்று ஓட்டி அளக்கலாம். எங்கள் வாட்ச்சில் 188 மில்லிமீட்டர் வந்தது. செயின் சௌகரியமாக இருக்கக் கையளவைவிட 5 முதல் 8 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். 145-உடன் 8 சேர்த்தால் 153. ஆக, குறைக்க வேண்டியது 35 மில்லிமீட்டர்.

இதில் கண்ணிக்கு எவ்வளவு, லாக்குக்கு எவ்வளவு? ஐந்து கண்ணிகளைச் சேர்த்து அளந்தபோது 40 மில்லிமீட்டர் இருந்தது, அதாவது கண்ணி ஒன்றுக்கு 8. நான்கு கண்ணி எடுத்தால் 32 குறையும், இன்னும் 3 பாக்கி. ஐந்தாவதையும் எடுத்தால் 40, அது இறுக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் லாக்கின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டிருக்கிறார்கள். எங்கள் லாக்கில் ஐந்து துளைகள், துளைக்குத் துளை 2 மில்லிமீட்டர். ஸ்பிரிங் பார் மிகத் தளர்வான முதல் துளையில் இருந்தது. அதை மூன்றாவதுக்கு நகர்த்தினால் 4 குறையும். மொத்தம் 36, மிஞ்சும் உள்சுற்று 152. குறிவைத்ததைவிட ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

மூன்றாவது துளையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு முடிந்து நிற்கும்போது லாக்கின் ஸ்பிரிங் பார் நடுத்துளையில் நிற்பது நல்லது. கை வீங்கினால் வெளிப்பக்கம் இரண்டு துளை, இளைத்தால் உட்பக்கம் இரண்டு துளை மீதமிருக்கும். கடைகளில் அவசரத்துக்குக் குறைத்துக் கொடுக்கும்போது இதைப் பார்ப்பதே இல்லை. ஓரத்துளையில் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் நோன்புப் பெருநாள் விருந்து முடிந்ததும் நாம் திரும்பப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் விரியும் லாக்குகளில் இந்தத் துளைகள் பெரும்பாலும் கிடையாது. அங்கே கண்ணிக் கணக்கு மட்டும்தான். அரைக் கண்ணி கிடைக்கும் மாடலாக இருந்தால் அதிர்ஷ்டம்.

எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை

நான்கு கண்ணி என்று முடிவானதும் பக்கத்துக்கு இரண்டு என்று பிரித்துவிடத் தோன்றும். அது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் போகலாம். லாக் மணிக்கட்டின் அடியில் நட்ட நடுவில் உட்கார வேண்டும் என்பதுதான் குறி. வாட்ச்சை இடது கையில் கட்டி, மிச்சத்தை இரண்டு பக்கமும் சமமாக விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு, கையைத் திருப்பி லாக்கைப் பாருங்கள். 6 மணிப் பக்கம் கட்டைவிரல் பக்கமாக வரும், 12 மணிப் பக்கம் சுண்டுவிரல் பக்கமாக வரும். லாக் சுண்டுவிரல் பக்கம் ஒதுங்கி நின்றால் 6 மணிப் பக்கத்துச் செயின் நீளமாக இருக்கிறது என்று பொருள், அங்கிருந்து ஒன்று கூடுதலாக எடுங்கள். கட்டைவிரல் பக்கம் ஒதுங்கினால் நேர்மாறு. பொதுவாக 6 மணிப் பக்கத்தில்தான் கண்ணிகள் குறைவாக நிற்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால் மிஞ்சும் ஒன்றை அங்கிருந்து எடுத்துப் பாருங்கள்.

எங்கள் சீக்கோவில் லாக் சுண்டுவிரல் பக்கம் ஒதுங்கியிருந்தது. அதனால் 6 மணிப் பக்கம் மூன்று, 12 மணிப் பக்கம் ஒன்று.

செயினைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். சில கண்ணிகளில் சின்ன அம்புக்குறி அடித்திருக்கும். தட்டிக் கழற்றக்கூடியவை அவை மட்டும்தான். அம்பும் திருகும் இல்லாதவை நிரந்தரமாகச் சேர்க்கப்பட்டவை, அவற்றைத் தட்டினால் செயின்தான் வளையும்.

லாக்கில் கை பழக்கம்

தேவையான கருவி ஒன்றே, ஸ்பிரிங் பார் டூல். ஒரு முனை இரட்டை நாக்கு முள், மறுமுனை ஊசி. பெர்ஜியோன் 6767 என்ற சுவிஸ் கருவி இந்த வேலைக்குப் பேர்போனது. ஆனால் எப்போதாவது செய்கிறவர்களுக்கு ஆன்லைனில் கிடைக்கும் மலிவானதே போதும். முனை மட்டும் மெல்லியதாகவும் வளையாததாகவும் இருக்க வேண்டும்.

ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் பார் துள்ளும் சாமான். மொசைக் தரையில் விழுந்தால் அலமாரிக்கு அடியில்தான் போய்த் தேட வேண்டும். லாக்கின் பக்கத் துளையில் தெரியும் முனையை ஊசியால் உள்ளே அமுக்கி, அமுக்கியபடியே செயினை லேசாக உட்பக்கம் தள்ளுங்கள். ஒரு முனை துளையை விட்டு விலகியதும் மறு முனை தானாக வரும். வேண்டிய துளைக்கு நகர்த்தி, ஒரு முனையை முதலில் பொருத்தி, மற்றதை அமுக்கி நேரே கொண்டுவந்து விடுங்கள். 'டிக்' என்று சின்னச் சத்தம் வரும். இரண்டு பக்கமும் ஒரே வரிசைத் துளையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மூன்றாவதிலும் மறுபக்கம் நான்காவதிலும் மாட்டிவிட்டால் செயின் கோணலாக இழுக்கும், லாக் சரியாகப் பூட்டாது.

கண்ணி கழற்றும்போது இந்த ஸ்பிரிங் பாரை முழுவதும் எடுத்து, லாக்கைச் செயினின் ஒரு பக்கத்திலிருந்து பிரித்துவிடுங்கள். வட்டமாக இருக்கும் செயின் இப்போது பட்டையாகத் தட்டில் படுக்கும், தட்டுவதற்கு அதுதான் வசதி.

கண்ணி: அம்பு, பின், சின்னக் குழாய்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போவோம். கண்ணிகளைச் சேர்ப்பதில் மூன்று வகை பரவலாக உண்டு. ஒன்று திருகு. ஒன்று பிளந்த பின், அதாவது ஒரு கம்பியை மடித்ததுபோல் ஒரு முனை இரண்டாகப் பிளந்து, அந்த விரிவாலேயே துளையைக் கவ்வி நிற்பது. இன்னொன்று வழவழப்பான நேரான பின்னும், அதைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்க் குழாயும். இந்தக் கடைசி வகை சீக்கோவிலும் சிட்டிசனிலும் நிறைய வரும்.

கண்ணியின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தால் திருகு என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடாதீர்கள். பிளந்த பின்னின் முனையும் அப்படித்தான் கோடாகத் தெரியும். திருப்பினால் சுற்றவும் சுற்றாது, பின்னின் தலை மட்டும் நசுங்கும். உட்பக்கம் அம்பு இருந்தால் தட்டி எடுக்கும் பின். அம்பு இல்லாமல் ஆழமான வெட்டு இருந்தால் திருகு. திருகில் பலருக்குத் தெரியாத ஒன்று, அது தளராமலிருக்கப் பசை போட்டிருப்பார்கள். ஹேர் டிரையரால் கொஞ்ச நேரம் சூடு காட்டிவிட்டுத் திருப்பினால் இளகும். வெட்டின் அகலத்துக்குச் சரியான முனை இல்லாமல் திருப்பினால் வெட்டு வழித்துவிடும், அப்புறம் கடைக்காரர்தான் கதி.

பின் வகைக்கு வருவோம். செயினை நிறுத்தி வைக்கப் பள்ளம் வெட்டிய பிளாஸ்டிக் கட்டை, மெல்லிய பஞ்ச், இலேசான சுத்தியல், இந்த மூன்றும் போதும். திருகித் தள்ளும் கைக்கருவி ஒன்றும் சேர்த்து விற்பார்கள். கண்ணிக்கு நேராக இம்மி பிசகாமல் வைக்கத் தெரியாவிட்டால் அதன் முள் வளைந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. பஞ்ச்சில் தட்டும்போது பின் நகர்கிறதா என்பது கைக்கே தெரியும்.

செயினின் பக்கவாட்டு மேலே தெரியும்படி கட்டையின் பள்ளத்தில் நிறுத்துங்கள். அம்பின் நுனி கீழே, தட்டை நோக்கிப் பார்க்க வேண்டும். அம்பு காட்டும் திசையில்தான் பின் வெளியே வரும். பஞ்ச்சை துளையின் நடுவில் நேராக வைத்து, சின்னத் தட்டுகளாக நாலைந்து கொடுங்கள். பின் அரை மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டால் பிறகு சுலபம். வெளியே தலைகாட்டியதும் பிளையரால் நேரே இழுத்துவிடலாம்.

மூன்று கண்ணி எடுப்பதற்கு மூன்று பின்னையும் தட்ட வேண்டியதில்லை. அடுத்தடுத்த மூன்றையும் ஒரே துண்டாக நினைத்து, அதன் இரண்டு முனைப் பின்களை மட்டும் எடுத்தால் போதும். ஒரு பின் மீண்டும் செயினைச் சேர்க்கப் பயன்படும், மற்றது அந்தத் துண்டோடு உதிரியாக மிஞ்சும்.

பின் வெளியே வந்தவுடன் துணியைப் பாருங்கள். எள்ளுக்கும் கொஞ்சம் பெரிதாக ஒரு குழாய் விழுந்திருக்கிறதா? விழாவிட்டால் கண்ணியின் நடுத்துளைக்குள் எட்டிப் பாருங்கள், அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். குழாய் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சீக்கோவில் பொதுவாக நடுப்பகுதியின் துளைக்குள் இருக்கும், வேறு சில தயாரிப்புகளில் ஓரத்துளையில் இருக்கும்.

திருப்பிச் சேர்க்கும்போது குழாய் முதலில். அதை அதன் துளைக்குள் முழுவதும் தள்ளி, வெளியே துருத்தாமல் பார்த்து, இரண்டு கண்ணிகளையும் துளையோடு துளை பொருத்துங்கள். பின் எந்த வழியாக வெளியே வந்ததோ அதே வழியாக உள்ளே போக வேண்டும், அதாவது அம்புக்கு எதிர்த்திசையில். பிளந்த பின்னாக இருந்தால் மொட்டை முனை முதலில், பிளந்த முனை கடைசியில்.

இனி கையின் உணர்வைக் கவனியுங்கள். குழாய் வகையில் பின் பாதிவரை விரலாலேயே வழுக்கிக்கொண்டு போகும், பிறகு நின்றுவிடும். குழாயைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து தட்டித்தான் இறக்க வேண்டும். நிற்காமல் கடைசிவரை விரலாலேயே போய்விட்டால் குழாய் உள்ளே இல்லை என்று பொருள். செயின் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், இழுத்தாலும் தாங்கும். ஆனால் பின் நாளுக்கு நாள் பக்கவாட்டில் நகர்ந்து, ஒருநாள் பஸ் பிடிக்க ஓடும்போது வாட்ச் தரையில் கிடக்கும். குழாய் தொலைந்திருந்தால் அந்தப் பின்னைப் போடாதீர்கள். கழற்றிய துண்டின் உதிரிப் பின்னும் குழாயும் இருக்கிறதே, அதைப் போடலாம். பின்னின் இரண்டு முனையும் கண்ணியின் ஓரத்துக்குச் சமமாக, விரலில் நெருடாமல் உட்கார்ந்ததும் வேலை முடிந்தது.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகு மறுபக்கத்தைத் தொடுங்கள். எங்கள் வாட்ச்சில் 6 மணிப் பக்கம் மூன்றை எடுக்கப் போனபோது பின் கொஞ்சமும் அசையவில்லை. பல வருடத்து வியர்வை உப்பும் அழுக்கும் துளையில் கல்லாக இறுகியிருந்தது. செயினை வாட்ச்சிலிருந்து பிரித்து, சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்த பிறகு, துருநீக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் மூன்றாவது தட்டில் வந்துவிட்டது. அதற்கும் வராத பின்னோடு சண்டை போடக்கூடாது. பஞ்ச் உடைந்து துளைக்குள் சிக்கினால் பத்து வெள்ளியில் முடிய வேண்டிய வேலை பெரிதாகிவிடும்.

காதில் கை வைப்பதானால்

மேலே சொன்னதுபோல் ஊறவைக்க, அல்லது செயினுக்குப் பதில் ஸ்ட்ராப் போட, காதிலுள்ள ஸ்பிரிங் பாரைக் கழற்றியாக வேண்டும். நான்கு காதின் பளபளப்பான பக்கங்களிலும் காகித டேப் ஒட்டுங்கள். வாட்ச்சைக் குப்புறத் துணியில் வையுங்கள். காதின் வெளிப்பக்கம் துளை இருந்தால் ஊசி முனையால் அமுக்கினால் போதும். துளை இல்லாதபோது, பின்பக்கமாகக் காதுக்கும் செயினுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இரட்டை நாக்கை நுழைத்து, ஸ்பிரிங் பாரின் விளிம்பில் மாட்டி, செயினின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். நெம்பக்கூடாது. கருவி வழுக்குவது பெரும்பாலும் மேல்நோக்கி நெம்பும்போதுதான். முனை அமுங்கியதும் செயினை ஒரு இழை தூக்கினால் விடுபடும். மற்ற கை விரலால் ஸ்பிரிங் பாரை மூடிக்கொள்ளுங்கள், கண்ணை நோக்கித் துள்ளக்கூடும்.

திரும்பப் போடும்போது பழைய ஸ்பிரிங் பாரின் முனைகளைப் பாருங்கள். தேய்ந்து சாய்ந்திருந்தாலோ, அமுக்கினால் சோம்பலாகத் திரும்பினாலோ புதிதாக மாற்றுங்கள். பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் குளித்துவிட்டு அலசாமல் வைக்கும் வாட்ச்சுகளில் இது சீக்கிரமே துருப்பிடிக்கும். காதுகளுக்கு இடையிலான அகலம்தான் வாங்க வேண்டிய அளவு, எங்களுடையதில் 18 மில்லிமீட்டர். தடிமனும் பொருந்த வேண்டும். சீக்கோவின் டைவிங் வாட்ச்சுகள் பலவற்றில் 2.5 மில்லிமீட்டர்த் தடிமன் வரும். சாதாரண 1.5 அல்லது 1.8 போட்டால் ஆடும்.

முனை துளையில் விழுந்ததா என்பதை 'டிக்' சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கம் பார்த்தால் இரண்டு பக்கமும் விளிம்புக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு துணிக்கு மேலே பிடித்துக்கொண்டு செயினைத் தைரியமாக இழுத்து, பக்கவாட்டில் ஆட்டுங்கள். துளையில் விழாமல் காதின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் முனை இந்த இழுப்பில் விட்டுவிடும்.

எல்லாக் கண்ணியும் எடுத்தும் பெரிதாக இருந்தால்

13, 14 சென்டிமீட்டர் கைகளுக்கு இது நடக்கும். அம்புக்குறிக் கண்ணிகள் தீர்ந்துவிடும், லாக்கும் கடைசித் துளையில் நிற்கும். அதற்கு மேல் செயினை வதைக்காமல் ஸ்ட்ராப்புக்கு மாறுவதே நல்லது. ஆனால் கடையில் தொங்கும் சாதாரண ஸ்ட்ராப் நீளத் துண்டு 120, பக்கிள் துண்டு 75 மில்லிமீட்டர் அளவில் வரும். சின்னக் கையில் அந்த 75 அடிப்பக்க நடுவைத் தாண்டிப் போய், பக்கிள் மணிக்கட்டின் ஓரத்தில் குத்தும். கூடுதல் துளை போட்டுத் தருகிறேன் என்பார்கள். துளை நீளத் துண்டில்தான் விழும், பக்கிள் இருக்கும் இடம் மாறாது. பக்கிள் துண்டு 65 அளவில் இருக்கும் குட்டை ஸ்ட்ராப் என்று கேட்டு வாங்குங்கள். தோல் ஸ்ட்ராப் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். தினமும் கட்டுவதற்கு ரப்பரோ நைலானோ மேல். ஸ்ட்ராப்பின் அடியில் சின்ன நெம்புகோல் வைத்த வகை வாங்கினால் நகத்தாலேயே கழற்றி மாட்டலாம், கருவியே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் செயினும் ஸ்ட்ராப்பும் கைகொடுக்காது. மேல் காது நுனியிலிருந்து கீழ்க் காது நுனிவரை அளந்த நீளம் மணிக்கட்டின் மேற்பரப்பு அகலத்தைத் தாண்டினால், என்ன குறைத்தாலும் காது இரண்டு பக்கமும் அந்தரத்தில் நிற்கும். வாங்கும் முன் இந்த நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழற்றிய நான்கு கண்ணிகளையும் உதிரிப் பின், குழாயோடு ஜிப் பையில் போட்டு, எந்த வாட்ச் என்று எழுதி வையுங்கள். கட்டிய முதல் வாரம் தினமும் இரவு, சேர்த்த பின்களின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒன்று இழையளவு நெருடினால் அன்றைக்கே கழற்றிக் குழாயைச் சரிபாருங்கள்.